ஒரு வரிகூட எழுதாமல் வந்த தடிப்புப் படம்

சுமதி, தண்டையார்பேட்டை: மருந்துக்கடையில் வேலை செய்வதால் எனக்கு இப்படிப் படங்கள் வந்துகொண்டே இருக்கும். போன வாரம் தெரிந்த பெண் ஒருவர் அனுப்பியது தோலில் ஒரு தடிப்பு, அவ்வளவுதான். அனுப்பியவருக்குத்தான் என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். யாருக்கு, எந்த இடத்தில் என்று கேட்டேன். மாமியாருக்காம், தொடை இடுக்கில்.

எவ்வளவு நாளாக, அரிக்கிறதா, இதுவரை என்ன தடவினார்கள் என்று அடுத்துக் கேட்டேன். பதிலுக்கு இன்னொரு படம் வந்தது: பாதி நசுங்கிய ஒரு ட்யூப். பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் கலந்த கிரீம். அதற்குப் பிறகுதான் முதல் படம் எனக்குப் புரிந்தது. படர்தாமரைக்கு ஓரம் மேடாக, வளையம் மாதிரி இருக்க வேண்டும். இதில் ஓரமே மங்கிக் கிடந்தது. ஸ்டீராய்டு அரிப்பைச் சீக்கிரம் அடக்கும், வளையத்தையும் கலைத்துவிடும், ஆனால் பூஞ்சை பரவிக்கொண்டே போகும். நிறுத்தினால் மறுபடி அரிக்கும், உடனே அதே ட்யூப்பைத் தேடுவார்கள். தோல் டாக்டர் லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், பூஞ்சைதான். வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா என்று கேட்டாராம். மகனுக்கும் இடுப்பில் இருந்திருக்கிறது. ரெண்டு பேருக்கும் ஒரே துண்டு.

பாஸ்கர், காசிமேடு: வட்டமாக இருந்தால் படர்தாமரைதான் அக்கா, இதுக்கு இவ்ளோ கேள்வியா? சரி, என் பையனுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. எந்தப் பவுடர் நல்லது?

மேரி, வியாசர்பாடி: வட்டம் என்றாலே படர்தாமரை இல்லை தம்பி. சுகாதாரப் பணியில் இருந்தபோது, படர்தாமரை என்று களிம்பு பூசிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தேன். வெளிறின தேமல், அரிப்பே இல்லை. கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் தொட்டேன், அந்த இடத்தில் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. தொழுநோய். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். உணர்ச்சி இல்லாததைப் படத்தில் எப்படிப் பார்ப்பீர்கள்?

நசீர், ராயபுரம்: நிறத்தையும் நம்பக் கூடாது. என் மாதிரி கறுத்த தோலில் அலர்ஜி சிவப்பாகத் தெரியாது, கருஞ்சாம்பலாகவோ ஊதாவாகவோ இருக்கும். "சிவக்கவே இல்லையே" என்று எனக்கே சொல்லியிருக்கிறார்கள். டியூப்லைட்டில் எடுத்த படம் இன்னும் மோசம், ஜன்னல் ஓரமாக எடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கா, முகம் வீங்குதா, மூச்சு வாங்குதா என்பதைத்தான் முதலில் கேட்கணும். இருந்தால் பதிலுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லணும்.

பாஸ்கர், காசிமேடு: அந்த கிரீமை டாக்டரே எழுதிக் கொடுத்திருந்தால்?

சுமதி, தண்டையார்பேட்டை: அப்படியும் வருகிறார்கள். நிறுத்துங்கள் என்று நான் சொல்வதில்லை, ட்யூப்பையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு அவரிடமே போகச் சொல்வேன்.

மேரி, வியாசர்பாடி: நான் நிறுத்தத்தான் சொல்வேன் சுமதி. தொடை இடுக்கில் தோல் மெல்லிசு, சீக்கிரம் வரி வரியாக வெடித்துவிடும்.