கருங்கல் தூண் முழங்கால் உயரத்தில் மட்டும் பொரிந்து உதிர்கிறது: இப்படிப் பார்த்தவர்கள் உண்டா?

முகப்புக்காரன்

நான் பராமரிக்கும் பழைய கட்டடத்தின் முகப்பில் ஒரே கல்லில் செதுக்கிய கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. தலைக்கு மேலே உளித்தடம்கூட மழுங்கவில்லை. கணுக்காலில் தொடங்கி முழங்காலுக்குச் சற்று மேல் வரைதான் சிக்கல். அந்தப் பட்டையில் கல்லின் மேல்தோல் ஏடு ஏடாக எழும்பி நிற்கிறது. விரலால் நெம்பினால் நாணய அளவுக்குச் செதில் கழன்று வருகிறது. அதன் அடியில் வெள்ளைப் பொடி. மழையே இல்லாவிட்டாலும், புழுக்கமான நாளில் அந்தப் பட்டை மட்டும் நனைந்தாற்போல் கருத்துவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் தூண்களைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போட்டு, அடியிலுள்ள இணைப்புகளையும் சிமெண்டால் அடைத்திருக்கிறார்கள். கருங்கல் தண்ணீர் குடிக்காது என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்?

உளிக்கை

தண்ணீர் இருக்கட்டும், முதலில் கல்லைப் பாருங்கள். கருப்பு மைக்கா அதிகமுள்ள கல்லாக இருந்தால் அது சீக்கிரம் போகும். மைக்காவில் இருக்கும் இரும்பு துருப்பிடித்துப் பழுப்பு வடியும், தகடு தகடாக விரியும். ஃபெல்ட்ஸ்பார் வெளுத்து மாவாகும். குவார்ட்ஸ் ஒன்றுதான் கடைசிவரை அசையாது. குவாரியின் மேல்மட்டத்தில், ஏற்கெனவே வெயிலும் மழையும் தின்ற கல்லை எடுத்திருப்பார்கள். சுத்தியலால் தட்டிப் பாருங்கள், நல்ல கல் கணீரென்று பேசும். என் கணக்கில் தூணையே மாற்றுவதுதான் வழி.

மேடைவாசி

என் வீட்டிலும் இதே தொல்லை! சமையலறை மேடைக் கருங்கல்லில் எண்ணெய்க் கறை இறங்கிப் போகவே இல்லை. பக்கத்தில் இருந்த பளிங்குப் பலகையில் துப்புரவுத் திரவம் பட்டு மினுமினுப்பே போய்விட்டது. கடைக்காரர் நீர்த்தடுப்புப் பூச்சு ஒன்று கொடுத்தார். அதைப் பூசிய பிறகு கறையே இல்லை. நீங்களும் தூணுக்கு அதையே பூசிவிடுங்கள்.

உப்புக்கணக்கு

மேடைவாசி, உங்கள் கல்லுக்கு மேலிருந்து ஈரம் வருகிறது. முகப்புக்காரரின் கல்லுக்கு அடியிலிருந்து வருகிறது. மேடைக்குப் பொருந்திய பூச்சு தூணுக்கு வினையாகிவிடும்.

உளிக்கை ஐயா சொன்ன தாதுக்கணக்கில் பிழையில்லை. ஆனால் கல் மட்டமானது என்றால் மேல்பாதியும் பொரிந்திருக்க வேண்டுமே? அடிக்கும் தலைக்கும் கல் ஒன்றுதான், கிடைக்கும் ஈரம்தான் வேறு.

கருங்கல்லில் வெற்றிடம் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூட இராது. மணற்கல்லில் 15, 20 என்று போகும். அந்த எண்ணை நம்பித்தான் கருங்கல் தண்ணீர் குடிக்காது என்கிறோம். குடிக்கும், மெதுவாகக் குடிக்கும். தாதுமணிகளுக்கு நடுவே ஓடும் மயிரிழை விரிசல்களில் ஈரம் மண்ணிலிருந்து மேலேறுகிறது, மண்ணின் உப்பையும் கூடவே தூக்கி வருகிறது. ஏறும் வேகமும் காயும் வேகமும் சமமாகும் உயரத்தில் தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு தங்கிவிடும். உங்கள் முழங்கால் பட்டை அதுதான். உப்பு மேற்பரப்பில் பூத்தால் துடைத்துவிடலாம். தோலுக்குச் சற்று உள்ளே படிகமானால் தோலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். துவாரம் எவ்வளவு குறுகலோ, அழுத்தம் அவ்வளவு அதிகம்.

புழுக்கத்தில் கருப்பது உப்பின் கையெழுத்து. சாதாரண உப்பே காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் கரையத் தொடங்கும், இறங்கினால் மறுபடி படிகமாகும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தள்ளு. முன்பு ஈரம் தூணைச் சுற்றியிருந்த மண் வழியாகவே காய்ந்து போயிருக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்ததும் அதற்கு மிஞ்சிய ஒரே வழி உங்கள் தூண்தான். இப்போது தூணுக்கும் பூச்சடித்தால் உப்பு பூச்சின் பின்னால் குவிந்து, இதைவிடத் தடிமனான செதிலைத் தள்ளும்.

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நிற்கும் எகிப்தியத் தூபியும் இப்படித்தான். அஸ்வானின் சிவப்புக் கருங்கல், மூன்றாம் துத்மோஸ் காலத்தது. எகிப்தில் மூவாயிரம் ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்த கல் அது. 1881இல் நியூயார்க்கில் நிறுத்திய சில ஆண்டுகளுக்குள் செதில் செதிலாக உதிர்ந்தது. 1885இல் தளர்ந்த செதில்களை எடுத்துவிட்டு, கல்லைச் சூடாக்கிப் பாரஃபின் மெழுகு ஏற்றினார்கள். எகிப்திலேயே உப்பை உறிஞ்சிக்கொண்டு வந்த கல், ஈரமான ஊரில் அந்த உப்பு விழித்துக்கொண்டது என்பது ஒரு தரப்பு. உறைபனிதான் காரணம் என்பது இன்னொரு தரப்பு. அந்தச் செதில் எடுப்பே கேடு செய்தது என்பாரும் உண்டு.

உங்கள் தூணில் ஒரு சோதனை செய்யுங்கள். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சை ஒட்டிச் சற்று நேரம் விட்டு, அதே அளவு நீரில் பிழிந்து மின்கடத்துத்திறன் பாருங்கள். முழங்காலில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று. நைட்ரேட் உப்பு இருந்தால் நிறம் மாறும் சோதனைப் பட்டையையும் அந்த நீரில் தோய்த்துப் பாருங்கள்.

முகப்புக்காரன்

பார்த்தேன். தலைக்கு மேல் எடுத்த நீர் கிட்டத்தட்ட வெறும் நீர்தான். முழங்காலில் எடுத்ததில் கருவியின் எண் பல மடங்கு ஏறியது. நைட்ரேட் பட்டை உடனே அடர்ந்த நிறம் காட்டியது. பழைய வரைபடத்தைத் தேடினால், அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் குதிரை லாயம் இருந்திருக்கிறது.

உப்புக்கணக்கு

அப்படியென்றால் நைட்ரேட் வந்த வழி தெரிந்துவிட்டது. கால்நடை சிறுநீர் ஊறிய மண் எளிதில் விடாது. கழிவுநீர்க் குழாய் எதுவும் கசியவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒவ்வொரு தூணையும் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சிமெண்டை வெட்டியெடுத்துச் சரளை நிரப்புங்கள். இணைப்பிலுள்ள சிமெண்டைக் கல்லில் உளி படாமல் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புக் காரை வையுங்கள். அதற்குப் பிறகுதான் உப்பை இழுக்க வேண்டும். வெண்களிமண், காகிதக்கூழ், கழுவிய மணல் மூன்றையும் காய்ச்சி வடித்த நீரில் குழைத்து, விரல் தடிமனுக்கு அப்பி, முழுக்கக் காயும்வரை விட வேண்டும். உரித்த பற்றைக் கரைத்து அளந்து பாருங்கள். எண் இறங்குவது நிற்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போதே பற்றுப் போட்டால், புது உப்பை நீங்களே மேலே வரவழைத்ததாகிவிடும்.

உளிக்கை

இவ்வளவு சுற்றுவானேன்? செதிலைப் பல்லுச் சுத்தியலால் கொத்தி எடுத்துப் புதுமுகம் காட்டினால் போயிற்று.

உப்புக்கணக்கு

வேண்டாம் ஐயா. அந்தச் சுத்தியல் விழும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் சில மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்குகிறது. உப்பு இருக்கும் கல்லில் புது வாசல் திறப்பது போலாகும்.

உளிக்கை

தலைக்கு மேலே அசையாமல் நிற்கிறதே, அதுவும் யாரோ கொத்தியதுதானே?

உப்புக்கணக்கு

நியாயமான கேள்விதான். அங்கே உப்பு எட்டவில்லை என்பதுதான் என் பதில். உப்பு முழுக்க வெளியேறிய பிறகு கொத்தலாமா என்று கேட்டால், எங்கள் தொழிலிலேயே இரண்டு கட்சி இருக்கிறது.

முகப்புக்காரன்

முதல் தூணைச் சுற்றிச் சிமெண்டை எடுத்துவிட்டோம், அடியில் மண் பிசுபிசுவென்று இருக்கிறது. அது காயும்வரை பற்றைத் தொடப்போவதில்லை. கழன்று நிற்கும் பெரிய செதில்களை அதுவரை எதால் பிடித்து நிறுத்துவது? சுண்ணாம்பை நீர்த்து விளிம்பில் விடலாம் என்கிறார் ஒருவர், அரிசித்தாள் ஒட்டச் சொல்கிறார் இன்னொருவர். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.