வெபரா, எழுத்தறிவா? கருத்தரங்குக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே, சமூகவியல் கருத்தரங்கில் மாக்ஸ் வெபரின் புராட்டஸ்டண்ட் அறம் பற்றிப் பேச வேண்டும். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

1904-05இல் வெபர் தொடங்குவதே ஜெர்மனியின் பாடன் மாநிலப் பள்ளிகளில் எந்த மதப் பிரிவினர் எவ்வளவு பேர் படித்தார்கள் என்ற கணக்கை வைத்துத்தான். அந்த அட்டவணையில் ஒரு வரியில் புராட்டஸ்டண்ட் 69, கத்தோலிக்கர் 31, யூதர் 9 சதவீதம் என்று இருக்கிறது, கூட்டினால் 109 வருகிறது! 69 அல்ல, 59 என்று ஸ்வீடன் பொருளியல் வரலாற்றாளர் கர்ட் சாமுவேல்சன் பின்னால் சுட்டிக்காட்டினார். சரி, இதனால் வெபரின் மைய வாதம் விழுந்துவிடாது என்றே நினைக்கிறேன். தான் மீட்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவனா என்று தெரியாத கால்வினியர், ஓயாத உழைப்பிலும் சிக்கனத்திலும் அதற்கான அடையாளத்தைத் தேடினார், அந்த மனப்பான்மை முதலாளித்துவம் வளர உதவியது என்பதுதானே வெபர் சொல்வது.

என் சிக்கல் வேறு. 2009இல் பெக்கர், வோஸ்மன் என்ற இரு பொருளியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டுப் பிரஷ்ய மாவட்டங்களின் தரவை எடுத்து, புராட்டஸ்டண்ட் பகுதிகளின் கூடுதல் வளத்துக்கு எழுத்தறிவே பெரும்பாலும் காரணம் என்றார்கள். எல்லோரும் பைபிளைத் தாங்களே படிக்க வேண்டும் என்று லூதர் வற்புறுத்தியதால் பள்ளிகள் பெருகின என்பது அவர்கள் விளக்கம். ஆனால் பிரஷ்யப் புராட்டஸ்டண்டுகள் பெரும்பாலும் லூதர் வழி வந்தவர்கள், வெபர் அழுத்திப் பேசுவதோ கால்வின் வழி வந்த 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பியூரிட்டன்களைப் பற்றி. அப்படியென்றால் இது வெபருக்கு மறுப்பா, அல்லது வேறொரு கேள்விக்கான பதிலா?

நெதர்லாந்து, இங்கிலாந்து பற்றி இதேபோல் எழுத்தறிவையும் உழைப்பு மனப்பான்மையையும் பிரித்துப் பார்த்த ஆய்வுகள் தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், நாட்குறிப்புகளை ஆதாரமாக வைத்து எழுதியவர்கள் யாராவது இருந்தால் அது இன்னும் நல்லது.