மனசு எப்படி இருக்கு என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்

நித்யா: மாமனார் தவறி மூன்று மாதம் ஆகிறது. "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டால் கணவர் தோளைக் குலுக்குகிறார், இல்லையென்றால் "கேஸ் புக் பண்ணியாச்சா?" என்கிறார். மறைக்கிறாரா, அவருக்கே தெரியவில்லையா?

குமரேசன்: ஆம்பளை அழக்கூடாது என்று சொல்லியே வளர்த்த தலைமுறை தங்கச்சி. உள்ளே எல்லாம் இருக்கும், சொல்ல மாட்டார். விட்டுவிடுங்கள், தானாகப் பேசுவார்.

செல்வி (ஆலோசகர்): வளர்ப்பு ஒரு காரணம்தான் அண்ணே. ஆனால் மறைக்கிறவர் நெருங்கிய நண்பரிடமாவது கொட்டிவிடுவார். சிலருக்கு யாரிடமும் வராது, ஏனென்றால் உள்ளே நடப்பதற்கு அவர்களிடம் பெயரே இல்லை. 1970களில் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் இதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர் வைத்தார். இது நோய் இல்லை, ஒரு குணவாகு. கூடவோ குறையவோ இருக்கும்.

என்னிடம் வந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிறு எரிகிறது என்பார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "பயமா?" என்று கேட்டால் "தெரியலை." அதனால் பயத்தை விட்டுவிட்டு, எரிச்சல் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மட்டும் எழுதி வரச் சொன்னேன். நான்காவது வாரம் அவரே, "திங்கட்கிழமை மீட்டிங்கை நினைச்சதும் வருது" என்றார். பயம் என்ற சொல் அதற்கப்புறம்தான் வந்தது.

"என்ன தோணுது?" என்ற கேள்வி இவர்களுக்குப் பரீட்சை மாதிரி. நடந்ததைக் கேளுங்கள், உடம்பைக் கேளுங்கள். அப்புறம் "கோபமா, ஏக்கமா, ரெண்டும் இல்லையா?" என்று இரண்டு மூன்று சொல் கொடுங்கள். பதிலை மறுநாள் சொன்னாலும் சரி.

ரவி: என் மனைவி சண்டை போட்டால் நாலு நாள் பேச மாட்டாள். அதுவும் இதுதானா அக்கா?

செல்வி: இல்லை தம்பி. கோபம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும், அதனால்தான் பேசவில்லை. இது வேறு.

ரவி: அலெக்ஸிதைமியா இருக்கிறதா என்று பார்க்க இணையத்தில் 20 கேள்வி உள்ள டொரண்டோ சோதனை இருக்கிறதே, நித்யா தன் கணவரை எழுத வைக்கலாமே?

செல்வி: தன் உணர்வு தெரியாதவரிடமே அதைப் பற்றிக் கேட்கும் தாள் அது. அதை மட்டும் வைத்து வீட்டில் முத்திரை குத்தாதீர்கள்.

தாமரை: முத்திரை இல்லாமலேயே எல்லாப் பாரமும் மனைவி தலையில்தானே விழுகிறது! சொல் எடுத்துக் கொடுப்பதும் அவள், காத்திருப்பதும் அவள். அவளிடம் யார் கேட்பது? என் வீட்டில் பதினோரு வருஷம் இப்படி ஓடியது, கடைசியில் நானும் பேசுவதை விட்டுவிட்டேன்.

செல்வி: இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை தாமரை. அந்த வயிற்று எரிச்சல்காரர் தானே வந்தார், தானே எழுதினார். அவர் பங்கு இல்லாமல் மனைவியால் மட்டும் முடியாது.

குமரேசன்: ஆனாலும் துக்கத்தில் இருப்பவரை நோண்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நித்யா: நேற்று ராத்திரி, அவர் தன் அப்பா கட்டிலை மடிக்கும்போது உடம்பில் எங்கே என்ன செய்தது என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "தொண்டை அடைச்சது, மாத்திரை போட்டுக்கவா?" என்றார். மேலே கேட்கவில்லை. தாமரை அக்கா கேட்டது மட்டும் மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.