பிப்ரவரியில் கொடுத்த பில்லுக்கு ஜூனில் 'புதுத் தேதி போட்டுக் கொண்டு வா' என்கிறார்கள். என்ன செய்வது?

பீரோ பட்டறை (கேள்வி)

ஈரோடு பக்கம் சிறிய இரும்புத் தளவாடப் பட்டறை வைத்திருக்கிறேன். அரசுத் துறைக்கு நேரடியாகச் சரக்கு கொடுத்தது இதுவே முதல் முறை. ஒரு மாவட்ட அலுவலகத்துக்கு 14,000 ரூபாய் வீதம் 12 பீரோவும், 3,500 வீதம் 32 நாற்காலியும் செய்து கொடுத்தேன். சரக்கின் மதிப்பு 2,80,000. ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 50,400. மொத்தம் 3,30,400 ரூபாய். பிப்ரவரி 18 அன்று இறக்கினோம். இன்வாய்ஸும் அதே தேதிதான். இரண்டு நாள் கழித்துப் பில்லை நேரில் கொண்டுபோய்ப் பிரிவு எழுத்தரிடம் கொடுத்தேன். ஒப்புகை எதுவும் வாங்கவில்லை.

மார்ச் முழுவதும் "இந்த வாரம் ஆகிவிடும்" என்றார்கள். ஏப்ரலில் "ஒதுக்கீடு வரவில்லை" என்றார்கள். போன வாரம் போனபோது, "பழைய வருடத்து பில் போகாது, ஜூன் தேதியில் வேறு இன்வாய்ஸ் போட்டுக் கொண்டு வாருங்கள்" என்கிறார் எழுத்தர். பிப்ரவரி பில்லுக்கு ஜிஎஸ்டி கணக்கு கொடுத்து, வரியையும் மார்ச் மாதமே கட்டிவிட்டேன். கையிலிருந்து போன 50,400 அது. புதுத் தேதி போட்டுக் கொடுக்கலாமா? அவரைப் பகைத்துக்கொள்ளவும் பயமாக இருக்கிறது.

ஸ்டேஷனரி கடை

கொடுத்துவிடுங்கள் அண்ணா. பழைய இன்வாய்ஸுக்கு ஒரு கிரெடிட் நோட் போட்டு ரத்து செய்துவிட்டு ஜூன் தேதியில் புதிது போட்டால் வரி நேராகிவிடும். நான் ஒரு முறை அப்படித்தான் செய்தேன், ஒரு மாதத்தில் பணம் வந்தது. எழுத்தர் கேட்பதைக் கொடுத்துவிட்டால் வேலை நடக்கும். சட்டம் பேசினால் கோப்பு மேசைக்கு அடியில் போய்விடும்.

டெபாசிட் காத்திருப்பவர்

எனக்கும் இதே கதைதான். டெண்டருக்குக் கட்டிய முன்வைப்புத் தொகை ஒன்பது மாதமாகத் திரும்ப வரவில்லை. அதற்கும் புதுத் தேதியில் ஏதாவது எழுதித் தர வேண்டுமா?

வரிக்கணக்கு அம்மா

டெபாசிட் வேறு, பில் வேறு. உங்களுடையதில் இன்வாய்ஸே கிடையாது. அசல் ரசீதை இணைத்துத் திருப்பித் தரும்படி மனு கொடுத்தால் போதும்.

பட்டறைக்காரருக்கு: தயவுசெய்து புதுத் தேதி போடாதீர்கள். சரக்கு கிளம்பும் நேரத்தில் இன்வாய்ஸ் போட வேண்டும் என்பதுதான் ஜிஎஸ்டி விதி. சரக்கு பிப்ரவரி 18 அன்று இறங்கிவிட்டது. அலுவலகத்தின் இருப்புப் பதிவேட்டிலும் அந்தத் தேதியை ஒட்டித்தான் பதிவு இருக்கும். ஜூன் இன்வாய்ஸையும் பிப்ரவரி இருப்புப் பதிவையும் ஒரே கோப்பில் வைத்தால், நாளை தணிக்கைக்கு வருபவர் முதலில் கேட்பது அதைத்தான். கிரெடிட் நோட்டும் நினைத்தபோது போடுவதற்கில்லை. சரக்கு திரும்பி வந்திருக்க வேண்டும், அல்லது சரக்கில் குறை இருக்க வேண்டும், அல்லது விலையோ வரியோ கூடுதலாகப் போட்டிருக்க வேண்டும். உங்கள் பீரோக்கள் அங்கேயே நிற்கின்றனவே. கடைக்காரத் தம்பிக்கு வேலை நடந்தது உண்மையாக இருக்கலாம். அது சரியாக நடந்தது என்று அர்த்தமில்லை.

பீரோ பட்டறை

அப்படியென்றால் எழுத்தரிடம் என்ன சொல்வது? "கணினி ஏற்றுக்கொள்ளாது" என்று அடித்துச் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

முப்பது வருடத்தில் பாதி நாள் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த எழுத்தர் பொய் சொல்லவில்லை, இரண்டு தேதிகளைக் குழப்பிக்கொள்கிறார். கருவூலத்துக்குப் போவது உங்கள் இன்வாய்ஸ் அல்ல. அதை இணைப்பாக வைத்து அலுவலகம் தானே பணம் கேட்டு ஒரு பட்டியல் தயாரிக்கும். நடப்பு நிதியாண்டில் இருக்க வேண்டியது அந்தப் பட்டியலின் தேதி. அரசுக் கணக்கில், பணம் எந்த ஆண்டில் வெளியே போகிறதோ அந்த ஆண்டின் செலவு. போன ஆண்டு வாங்கிய சரக்குக்கு இந்த ஆண்டின் ஒதுக்கீட்டிலிருந்து பணம் தருவது புதிய விஷயமே அல்ல.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மார்ச் 31 மாலையோடு செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு அதே கணக்குத் தலைப்பில் வந்திருக்க வேண்டும். வந்திருந்தால், பணம் பெற்று வழங்கும் அலுவலர் செயல்முறை ஆணையைப் புதுப்பித்துப் பட்டியல் போடலாம். வரவில்லையென்றால், தலைமை அலுவலகத்துக்குக் கூடுதல் ஒதுக்கீடு கேட்டு எழுத வேண்டும். நீங்கள் பத்து இன்வாய்ஸ் கொடுத்தாலும் ஒதுக்கீடு இல்லாமல் ஒன்றும் நகராது.

அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "பணம் எப்போது வரும்" என்பதல்ல. அதற்கு அங்கே யாருக்கும் பதில் தெரியாது. தெரியாதவர் "அடுத்த வாரம்" என்பார். "பட்டியல் கருவூலத்துக்குப் போனதா, போகவில்லையா? போயிருந்தால் ஏன் திரும்பியது?" என்று கேளுங்கள். இதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். எழுத்தரிடம் கேட்ட பிறகு கண்காணிப்பாளரிடமும் போய் வணக்கம் சொல்லிக் கேளுங்கள். நேராக மேலதிகாரியின் அறைக்குள் போய்விடாதீர்கள். எழுத்தரைத் தாண்டிப் போனவனின் கோப்பில் எல்லாக் குறையும் கண்ணில் படும்.

அச்சகம்

இணைப்புகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா? நான் பள்ளிக்கூடங்களுக்குப் பதிவேடு அச்சடித்துக் கொடுப்பவன். ஒரு முறை என் பில் மூன்று மாதம் நின்றது, காரணம் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் வில்லை ஒட்டிக் கையெழுத்துப் போட்ட ரசீது கேட்பார்கள். அதைக்கூட யாரும் சொல்லவில்லை.

பீரோ பட்டறை

இன்வாய்ஸ் மூன்று பிரதி, கொள்முதல் ஆணையின் நகல், டெலிவரி சலான், ரத்து செய்த காசோலை, ஜிஎஸ்டி சான்று, பான் நகல் கொடுத்தேன். வில்லை ஒட்டிய ரசீதும் கொடுத்தேன். சலானில் கடைநிலை ஊழியர் ஒருவர் கையெழுத்து மட்டும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

சலானில் கையெழுத்து இருந்தால் பீரோ வாசலில் இறங்கியது என்றுதான் பொருள். பட்டியலோடு போக வேண்டியது, "சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டு இருப்புப் பதிவேட்டின் இன்ன பக்கத்தில் பதியப்பட்டது" என்று அலுவலர் கையொப்பமிட்ட சான்று. பெரும்பாலும் இன்வாய்ஸின் பின்பக்கத்திலேயே எழுதுவார்கள். அது அவர்கள் வேலை, ஆனால் உங்கள் பணம். எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காசோலையில் உள்ள பெயரும் இன்வாய்ஸில் உள்ள பெயரும் ஒன்றுதானா?

பீரோ பட்டறை

ஐயா, நேற்றுப் போய் நீங்கள் சொன்னபடியே கேட்டேன். பட்டியல் மார்ச் கடைசி வாரத்தில் கருவூலத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது! எனக்கு இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. ஆட்சேபணைக் குறிப்பில், இன்வாய்ஸ் பட்டறை பெயரில் இருக்கிறது, வங்கிக் கணக்கு என் சொந்தப் பெயரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். தனியுரிமைத் தொழில் என்பதால் வீட்டுக் கணக்கையே கொடுத்திருந்தேன். அதைச் சரிசெய்வதற்குள் மார்ச் 31 முடிந்துவிட்டது. இருப்புச் சான்று இருக்கிறது, நல்லவேளை.

வரிக்கணக்கு அம்மா

தனியுரிமைத் தொழில் என்றால் ஜிஎஸ்டி சான்றில் சட்டப்படியான பெயராக உங்கள் பெயரும், வணிகப் பெயராகப் பட்டறை பெயரும் இரண்டுமே இருக்கும். அதைக் காட்டி ஒரு கடிதம் கொடுத்தாலே சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். நிலையான வழி, பட்டறை பெயரில் நடப்புக் கணக்கு தொடங்குவதுதான். அடுத்த ஆர்டருக்கும் உதவும்.

இன்னொன்று, இப்போதே சொல்லிவிடுகிறேன், பணம் வரும் நாளில் பதற வேண்டாம். ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக இரண்டரை லட்சத்தைத் தாண்டுவதால் 2,80,000-க்கு 2 சதவீதம், 5,600 ரூபாய், ஜிஎஸ்டி பிடித்தம் செய்வார்கள். கணக்கில் 3,24,800 தான் வரும். பிடித்த தொகை தொலைந்துபோகாது. அலுவலகம் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கணக்கு கொடுத்ததும், ஜிஎஸ்டி தளத்தில் TDS and TCS credit received என்ற பக்கத்தில் தெரியும். நீங்கள் ஏற்றுக்கொண்டால் உங்கள் ரொக்கப் பேரேட்டில் சேரும். ஏற்காமல் விட்டு மறந்துபோனவர்கள் நிறைய. சரக்கு மட்டும் கொடுத்ததற்கு ஒப்பந்ததாரருக்கான வருமான வரியையும் சில அலுவலகங்கள் பழக்கத்தில் பிடிப்பதுண்டு. அப்படி நடந்தால் கேளுங்கள்.

ஸ்டேஷனரி கடை

இவ்வளவு எதற்கு? சிறுதொழில் சட்டத்தில் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தால், தாமதப் பணத்துக்கான மத்திய அரசுத் தளத்தில் புகார் போடுங்கள். நானும் போடலாம் என்றிருக்கிறேன்.

வரிக்கணக்கு அம்மா

பட்டறைக்குப் பொருந்தும், சரக்கு கொடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு எடுத்திருக்க வேண்டும். தம்பி, உங்களுக்குப் பொருந்தாது. வாங்கி விற்கும் கடைகளுக்கு 2021-இல் உத்யம் பதிவைத் திறந்துவிட்டார்கள், ஆனால் வங்கிக் கடன் சலுகைக்காக மட்டும். தாமத வட்டி உற்பத்தி செய்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

உரிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒதுக்கீடு கேட்டு எழுதும் நேரத்தில் புகார் போனால், "விவகாரம் மன்றத்தில் உள்ளது" என்று கோப்பை மூடி வைத்துவிடுவார்கள். முதலில் கடிதம்.

வரிக்கணக்கு அம்மா

இதில் ஐயாவோடு உடன்பாடில்லை. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் புகார் போட்ட பிறகுதான் ஒதுக்கீடே கேட்டு எழுதினார்கள். காத்திருந்தவரைக் காத்திருக்கவே வைத்தார்கள். ஒரு கடிதம், ஒரு நினைவூட்டு. அதற்கு மேல் பொறுக்க வேண்டியதில்லை.

பீரோ பட்டறை

கடிதத்தை எப்படி எழுதுவது?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

ஒரே பக்கம். பெறுநர் என்ற இடத்தில் பதவிப் பெயர் மட்டும், ஆளின் பெயர் வேண்டாம். பார்வை என்று போட்டுக் கொள்முதல் ஆணையின் ந.க. எண், தேதி, உங்கள் இன்வாய்ஸ் எண், தேதி. பிறகு இவ்வளவு போதும்:

"பார்வையில் கண்ட ஆணையின்படி 12 பீரோக்களும் 32 நாற்காலிகளும் 18.02 அன்று வழங்கப்பட்டு, தங்கள் அலுவலக இருப்புப் பதிவேட்டில் பதியப்பட்டுள்ளன. பட்டியல் கருவூலத்திலிருந்து வங்கிக் கணக்குப் பெயர் குறித்துத் திருப்பப்பட்டதாக அறிகிறேன். திருத்திய வங்கி விவரம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மேற்படி இன்வாய்ஸுக்கான வரி ஏற்கெனவே செலுத்தப்பட்டுவிட்டதால் அதன் தேதியை மாற்ற இயலாத நிலையில், நடப்பு ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்து தொகை ரூ.3,30,400 வழங்கிட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

தாமதம், அலைக்கழிப்பு என்ற சொற்கள் வேண்டாம். எழுத்தரின் பெயரும் வேண்டாம். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். எழுத்தர் கையில் கொடுத்தால் அது காகிதம். தபாலில் ஏறினால்தான் கோப்பு.

பீரோ பட்டறை

கொடுத்துவிட்டேன், முத்திரையும் வாங்கிவிட்டேன். பட்டறை பெயரில் நடப்புக் கணக்கும் தொடங்கியாயிற்று. எழுத்தர் முதலில் முகம் சுளித்தார். கடிதத்தைப் படித்துவிட்டு, "இதை வைத்து நானே ஒதுக்கீட்டுக்குக் குறிப்பு எழுதலாமே" என்றார். புதுத் தேதி இன்வாய்ஸ் பற்றிப் பிறகு பேச்சே எடுக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போயிருக்கிறதாம். பணம் இன்னும் வரவில்லை. மாதம் ஒரு முறை போய்க் கேட்டால் தொல்லையாக நினைப்பார்களா?

அச்சகம்

சம்பளப் பட்டியல் போடும் மாதக் கடைசி வாரத்தில் மட்டும் போகாதீர்கள். பத்தாம் தேதிக்கு மேல் போங்கள், உட்காரச் சொல்லவாவது நேரம் இருக்கும்.