ஃபோட்டோவை ஓவியமாக்கினால் அம்மாவின் பொட்டும் மூக்குத்தியும் காணாமல் போகின்றன: உதவி தேவை

வைகைக்கரை

அப்பாவுக்கு வரும் தை மாதம் அறுபதாம் கல்யாணம். பத்திரிகை முகப்பில் போட, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்கும் ஃபோட்டோ ஒன்றை நீர்வண்ண ஓவியம்போல மாற்றிக்கொண்டிருக்கிறேன். என் கணினியிலேயே ஓடும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 தான். AUTOMATIC1111, img2img. அளவு 512 x 768, `Denoising strength` 0.75, `Restore faces` போட்டிருக்கிறேன்.

ஓவிய நடை அழகாக வருகிறது, ஆட்கள்தான் மாறிப்போகிறார்கள். அம்மாவின் குங்குமப் பொட்டு பாதிப் படங்களில் இல்லை, மீதியில் சிவப்புக் கீறலாக இருக்கிறது. ஒற்றைக்கல் மூக்குத்தி எதிலுமே வரவில்லை. ஒரே ஒரு படத்தில் பெரிய வளையமாக வந்தது. புடவை முந்தானை துப்பட்டாபோல இரண்டு தோளிலும் விழுகிறது. அப்பாவின் விபூதிப் பட்டை நெற்றிச் சுருக்கமாகிவிடுகிறது. கண்ணாடிக்கு ஒரு பக்கம் ஃபிரேம் இருக்கிறது, மறுபக்கம் இல்லை. நரைத்த தாடி கறுத்து, அப்பா என் அண்ணன் மாதிரி தெரிகிறார். அம்மா நெற்றியில் பொட்டில்லாமல் அறுபதாம் கல்யாணப் பத்திரிகை அடிக்க முடியுமா? என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

தூரிகை77

பிராம்ப்டில் அழுத்திச் சொல்ல வேண்டும். `(red bindi:1.4), (nose stud:1.4)` என்று போட்டுப் பாருங்கள். எனக்கு வந்தது.

வைகைக்கரை

போட்டேன். பொட்டு வந்தது, ஆனால் அப்பா நெற்றியிலும் சேர்ந்து வந்துவிட்டது! அம்மாவுக்கு வந்ததும் அவர் வைக்கிற குங்குமம் இல்லை. கல் பதித்த பெரிய ஸ்டிக்கர் பொட்டு.

நிழல்வெளி

பிராம்ப்ட் புதிதாக ஒரு பொட்டை வரவழைக்கும். ஃபோட்டோவில் இருக்கும் பொட்டைக் காப்பாற்றாது. உங்கள் சிக்கல் அளவில் இருக்கிறது.

1.5 மாடல் உங்கள் படத்தை அப்படியே எடுத்து வேலை செய்வதில்லை. நீளம் அகலம் இரண்டையும் எட்டில் ஒன்றாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தின்மேல்தான் வரைகிறது. எட்டுக்கு எட்டு பிக்சல் சேர்ந்து ஒரு கட்டம் என்று வையுங்கள். இரண்டு பேர் இடுப்புவரை நிற்கும் படம் 512 அகலத்தில் இருந்தால் அம்மாவின் முகம் சுமார் 90 பிக்சல் அகலம் இருக்கும். முகம் 14 சென்டிமீட்டர், பொட்டு ஒரு சென்டிமீட்டர் என்றால் பொட்டுக்குக் கிடைப்பது ஆறு பிக்சல். ஒரு கட்டம்கூட முழுசாக இல்லை. மூக்குத்திக்கு இரண்டு மூன்று பிக்சல். அதன்மேல் 0.75 அளவுக்கு இரைச்சலைக் கலந்தால் எது மிஞ்சும்?

நீங்களே சோதிக்கலாம். `Restore faces` எடுத்துவிட்டு, மற்றதை அப்படியே வைத்து `Denoising strength` மட்டும் 0.05 ஆக்கி ஓட்டுங்கள். கிட்டத்தட்ட அதே ஃபோட்டோ திரும்பி வரும். அதிலேயே மூக்குத்தி மங்கியிருந்தால் அது சுருக்கும்போதே போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் பிராம்ப்டில் எத்தனை எடை கொடுத்தும் பிரயோஜனம் இல்லை.

ஆகவே மூல ஃபோட்டோவிலிருந்து அம்மாவின் தலையைத் தனியாகவும் அப்பாவின் தலையைத் தனியாகவும், முகம் 400 பிக்சல் வரும்படி வெட்டி ஓட்டுங்கள். பொட்டு சுமார் 28 பிக்சல் ஆகிவிடும், பிழைத்துக்கொள்ளும். தனித்தனி பிராம்ப்ட் என்பதால் அம்மாவின் பொட்டு அப்பாவுக்குத் தாவாது. `Denoising strength` 0.4 போதும். ஃபோட்டோவின் கோடுகள் மாறாமல் பிடித்துவைக்க கன்ட்ரோல்நெட்டில் லைன்ஆர்ட் சேருங்கள், எடை 0.8 வைக்கலாம்.

முதல் வேலையாக `Restore faces` எடுத்துவிடுங்கள். முகத்தைச் சுத்தம் செய்வதுதான் அதன் வேலை. சின்னப் பொட்டையும் மூக்குத்தியையும் அது அழுக்காக நினைத்துத் துடைத்துவிடும். தாடி வழவழவென்று ஆவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

கடலோரக்கவி

எனக்கும் இதே சிக்கல்! ஃபோன் ஆப் ஒன்றில் என் படத்தை கார்ட்டூன் ஆக்கினேன். முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது. தலை வகிடும் மாறிவிட்டது. அதற்கும் கன்ட்ரோல்நெட்தானா?

நிழல்வெளி

உங்களுடையது வேறு. முன்கேமராவில் எடுத்த செல்ஃபியாக இருக்கும். சில ஃபோன்கள் கண்ணாடியில் தெரிகிற மாதிரியே சேமிக்கும். மூலப் படத்திலேயே இடம் வலம் மாறியிருக்கிறதா பாருங்கள். பின்னால் ஏதாவது எழுத்து தெரிந்தால் உடனே புரிந்துவிடும். திருப்பிவிட்டு ஆப்பில் போடுங்கள்.

வைகைக்கரை, புடவையை மட்டும் முழுப் படத்திலேயே செய்யலாம், அது பெரிய பரப்பு. ஆனால் `saree` என்ற ஒரு சொல்லை நம்பாதீர்கள். எந்த ஊர்க் கட்டு என்று மாடலே முடிவு செய்துவிடும். இடது தோளிலிருந்து இறங்கும் முந்தானைக் கோடு லைன்ஆர்ட் முன்னோட்டத்தில் தெளிவாக இருந்தால் கட்டு மாறாது.

வைகைக்கரை

அண்ணா, பெரிய உதவி. 0.05 சோதனையில் நீங்கள் சொன்னதுபோலவே மூக்குத்தி வெறும் வெளிச்சப் புள்ளியாக இருந்தது. தலையை வெட்டி ஓட்டியதில் பொட்டு அதே வட்டம், அதே நிறம். கண்ணாடியும் இரண்டு பக்கமும் வந்துவிட்டது. முந்தானை சரியாகிவிட்டது. அப்பாவுக்கு இப்படிப் போட்டேன்:

```
watercolor portrait, elderly man, short white beard,
thin metal glasses, three horizontal white ash
stripes on forehead, white angavastram
```

மூக்குத்தி இன்னும் மசமசவென்றுதான் இருக்கிறது. விபூதி பாதிதான் வருகிறது. வெள்ளைத் தாடி வெள்ளை அங்கவஸ்திரத்தோடு கலந்து, எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

நிழல்வெளி

மூக்குத்திக்கு இப்போதும் 11 பிக்சல்தான். வந்த ஓவியத்தில் மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில் கிம்ப்பில் ஒரு சின்னப் பொன்வட்டமும் நடுவே வெள்ளைப் புள்ளியும் நீங்களே வையுங்கள். பிறகு அதை `Inpaint` பக்கத்துக்குக் கொண்டுபோய், அந்த மூக்கோரத்தை மட்டும் மாஸ்க் செய்து `Only masked`, `Masked content` என்பதில் `original`, `Denoising strength` 0.3. அப்போது அந்தத் துண்டை மட்டும் பெரிதாக்கி வரைந்து திரும்ப ஒட்டும். ஃபோட்டோவிலிருந்து மூக்குத்தியை வெட்டி ஒட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். நீர்வண்ணத்துக்கு நடுவே ஃபோட்டோத் துண்டு தனியாகத் துருத்தும்.

விபூதிக்கு லைன்ஆர்ட் முன்னோட்டத்தைப் பாருங்கள். மூன்று பட்டையும் அதில் கோடாக இல்லையென்றால் படத்திலும் இருக்காது. லைன்ஆர்ட்டுக்குப் பதில் கேனி போட்டு, கீழ்வரம்பை 100-லிருந்து 40-க்கு இறக்கி மேல்வரம்பையும் கூடவே இறக்கினால் வெளிறிய விபூதியும் பிடிபடும்.

சுவரெழுத்து

நான் கையால் உருவப்படம் வரைகிறவன், இந்தக் கருவிகள் பழக்கமில்லை. விபூதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சுருக்கம் வளைந்து போகும், ஓரத்தில் தேய்ந்து மறையும். பட்டை நேராகப் போய், விரல் நின்ற இடத்தில் சட்டென்று முடியும். கருவியிடம் கொடுப்பதற்கு முன்பே ஃபோட்டோவில் பட்டையின் இரண்டு முனைகளையும் லேசாகத் தீட்டிக் கொடுங்கள்.

தாடிக்கு: வெள்ளையை வெள்ளையின்மேல் வரைய முடியாது. அங்கவஸ்திரத்துக்கு இளஞ்சாம்பல் நிழல் கொடுங்கள், தாடி தானாகவே பிரிந்து தெரியும். நிஜமான வெள்ளை வேட்டியைக்கூட நாங்கள் நீலச் சாம்பலில்தான் தீட்டுவோம்.

தூரிகை77

வரம்பை 40-க்கு இறக்கினால் நெற்றிச் சுருக்கமும் சேர்ந்து வருமே?

நிழல்வெளி

வரும். அதனால்தான் சுவரெழுத்து ஐயா சொன்னதை முதலில் செய்யச் சொல்வேன். முனையைத் தீட்டிவிட்டால் வரம்பை 70 வாக்கிலேயே நிறுத்தலாம்.

வைகைக்கரை

மூக்குத்தி வந்துவிட்டது! கல்லின் மினுக்குகூட இருக்கிறது. தாடியும் பிரிந்து தெரிகிறது, அப்பா அறுபது வயதுக்காரராகிவிட்டார். விபூதியில் மேல் பட்டையும் நடுப் பட்டையும் சரி. கீழ்ப் பட்டை புருவத்துக்கு மேலே உள்ள சுருக்கத்தோடு இன்னும் ஒட்டிக்கொள்கிறது. முனையைத் தீட்டியும் விலகவில்லை. ஃபோட்டோவில் அந்தச் சுருக்கத்தையே மங்கலாக்கிவிட்டு ஓட்டலாமா, இல்லை அப்பாவின் முகம் மாறிவிடுமா? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.