ஓமனில் இறந்த மச்சானின் உடலைக் கொண்டுவந்த செலவை இன்சூரன்ஸில் வாங்கியது – அனுபவப் பகிர்வு

முத்துப்பேட்டை தம்பி:

அக்கா வீட்டுக்காரர் ஓமனில் கட்டிட வேலையில் இருந்தார். சாரம் சரிந்து கீழே விழுந்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். விபத்துக்கான பத்து லட்சம் தனிக் கதை, அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நான் எழுதுவது உடலை ஊருக்குக் கொண்டுவந்த செலவைத் திரும்ப வாங்கியதைப் பற்றி மட்டும். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தும் இப்படி ஒரு தொகை இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

மச்சான் எட்டாவது வரைதான் படித்தவர், அதனால் வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டிய ஈ.சி.ஆர். பாஸ்போர்ட். ஏஜென்ட் அனுப்பும்போதே eMigrate என்ற அரசுத் தளம் வழியாக பிரவாசி பாரதிய பீமா யோஜனா பாலிசி போட்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயும் வரியும். அந்தத் தாள் அக்கா வீட்டு டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டுக்கு அடியில் கிடந்தது. பத்து லட்சத்தைத் தவிர, உடலைக் கொண்டுவரும் செலவும், கூட வரும் ஒருவருக்குப் போக வர சாதாரண வகுப்பு விமான டிக்கெட்டும் அதில் உண்டு. பயணம் முடிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் கேட்க வேண்டும். கருமாதி, படையல் எல்லாம் முடிந்து நிமிர்வதற்குள் அதில் பாதி போய்விடுகிறது, அதனால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

செலவு மூன்று கையிலிருந்து போயிருந்தது. உடல் கெடாமல் பதப்படுத்தியதற்கும் பெட்டிக்கும் ரூமில் இருந்த பையன்கள் ரியால் வசூல் செய்து கட்டினார்கள். விமான சரக்குக் கட்டணத்தைக் கம்பெனி கட்டியது. மச்சானின் சித்தப்பா மகன் அங்கேயே வேலை பார்க்கிறார், அவர் தன் காசில் டிக்கெட் எடுத்து உடலோடு திருச்சி வந்து இறங்கி, காரியம் முடிந்து திரும்பிப் போனார்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் கேட்டது: கிளெய்ம் படிவம், பாலிசி நகல், பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கமும் விசா பக்கத்தோடு, அந்த நாட்டு இறப்புச் சான்று, போலீஸ் அறிக்கை, மருத்துவ அறிக்கை, இந்தியத் தூதரகம் கொடுத்த இறப்புப் பதிவும் தடையில்லாச் சான்றும், பதப்படுத்தியதற்கான சான்றிதழ், பெட்டியை மூடி முத்திரை வைத்ததற்கான சான்று, சரக்கு ரசீது. அப்புறம் கூட வந்தவரின் டிக்கெட், போர்டிங் பாஸ், அவர் பாஸ்போர்ட் நகல். கடைசியாக அக்காவின் ஆதார், பேன், பேங்க் புத்தகம். அரபியில் இருந்தவற்றுக்கு மொழிபெயர்ப்பும் கேட்டார்கள். பில்கள் எல்லாம் அசல்தான் வேண்டும் என்றார்கள்.

இதில் முக்கால்வாசி ஓமனில் இருக்கும்போதே கையில் வாங்க வேண்டியவை. இங்கே உட்கார்ந்துகொண்டு பெட்டிக் கடைக்காரரிடம் அரபியில் பில் கேட்க முடியாது. கூட வந்த தம்பி ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாவற்றையும் போட்டு இடுப்பிலேயே சொருகி வைத்திருந்தார், அதனால் தப்பித்தோம். திருச்சி கார்கோவிலும் விமான நிலைய சுகாதார அதிகாரியிடமும் தாள்களைக் காட்டும்போது நகல் கொடுத்தால் போதும் என்றால் நகலையே கொடுங்கள்.

மன்னை மைனர்:

வருத்தம் நண்பா. ஆனால் பத்து லட்சத்துக்குள்ளேதானே எல்லாம் அடங்கும்? உடல் செலவு என்று தனியாக வாங்கினால் அதைப் பத்து லட்சத்தில் கழித்துவிடுவார்கள் என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னார். இன்னொன்று, சிங்கப்பூரில் இருக்கிறவர்களுக்கும் இதே பாலிசிதான், எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள்.

பழைய டிராவல்ஸ்காரர்:

தஞ்சாவூரில் ரொம்ப வருடம் ஆள் அனுப்பும் ஆபீஸில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். மைனர், கழிக்க மாட்டார்கள். பாலிசி வாசகத்திலேயே பத்து லட்சம் ஒரு வரி, உடலைக் கொண்டுவரும் செலவு அதற்கு மேல் தனி வரி. சிங்கப்பூர் விஷயமும் நீங்கள் சொன்ன மாதிரி இல்லை. குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் வளைகுடா நாடுகள் இருக்கின்றன, மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் கிடையாது. அங்கே வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் இறந்தால் அடக்கம் செய்யவோ உடலை ஊருக்கு அனுப்பவோ முதலாளிதான் செலவு செய்ய வேண்டும், அது அந்த நாட்டு விதி. வேலையில் விபத்து என்றால் இழப்பீடும் அந்த நாட்டுச் சட்டப்படி தனியாகக் கேட்கலாம்.

தம்பி, ஒரு சந்தேகம். சரக்குக் கட்டணம் கம்பெனி கட்டியது என்றீர்களே, அதற்கும் பணம் கேட்டீர்களா? ரசீதில் அனுப்புநர் பெயர் கம்பெனி என்று இருந்தால் குடும்பத்துக்குத் தர மாட்டார்களே. செலவு செய்தவருக்குத்தான் திருப்பித் தருவார்கள்.

முத்துப்பேட்டை தம்பி:

அதில்தான் அண்ணே முட்டி நின்றது. ரசீதில் கம்பெனி பெயர்தான் இருந்தது, அதைக் காட்டி அந்தத் தொகையை முதலில் தள்ளிவிட்டார்கள். அப்புறம் மச்சானின் பாக்கிச் சம்பளக் கணக்கு மெயிலில் வந்தது. சம்பள பாக்கி, பணிக்கொடை எல்லாம் கூட்டிவிட்டு, கீழே கழிவு என்ற இடத்தில் 'சரக்கு' என்று ஒரு தொகை. பார்த்தால் ரசீதில் இருந்த அதே ரியால், பைசா மாறாமல். அதாவது கம்பெனி கட்டியது போலக் கட்டிவிட்டு மச்சான் பணத்திலேயே பிடித்துக்கொண்டது! கம்பெனியிடம் 'இந்தத் தொகையை இறந்தவரின் கணக்கில் பிடித்திருக்கிறோம்' என்று லெட்டர்ஹெட்டில் ஒரு வரி எழுதி வாங்கி, கணக்குத் தாளோடு சேர்த்துக் கொடுத்தோம். ஏற்றுக்கொண்டார்கள்.

பையன்கள் வசூல் செய்து கட்டிய பில் ரூமில் இருந்த ஒருவர் பெயரில் இருந்தது. அவர் தன் பாஸ்போர்ட் நகலோடு 'இதை நான் குடும்பத்துக்காகக் கட்டினேன், பணத்தை மனைவியிடம் கொடுக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அதில் பெட்டி பில் மட்டும் வந்தது. பதப்படுத்திய பில்லில் இறந்தவரின் பெயரே இல்லை, வெறும் தொகையும் தேதியும்தான், அதனால் அது போச்சு. இப்படி வாங்குகிறவர்கள் பில்லில் இறந்தவர் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

கூட வந்தவரின் டிக்கெட் முழுசாக வந்தது. ஆனால் அவர் திரும்பிப் போன பிறகுதான் அந்தக் கிளெய்ம் முழுமையாகும், திரும்பிய போர்டிங் பாஸையும் கேட்டார்கள். அவர் அதை ஓமனிலிருந்து கூரியரில் அனுப்பினார்.

மன்னை மைனர்:

முதலாளி செலவை எப்படிப் பிடிக்கலாம்? தூதரகத்தில் போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும்.

பழைய டிராவல்ஸ்காரர்:

போடலாம், வெளியுறவு அமைச்சகத்தின் MADAD தளத்தில் புகார் பதியலாம். ஆனால் அது முடியும்வரை 90 நாள் காத்திருக்காது. ஒரே ரூபாயை இரண்டு பக்கமும் வாங்கவும் முடியாது, கம்பெனி திருப்பிக் கொடுத்தால் இன்சூரன்ஸில் அதைச் சொல்லியாக வேண்டும். தூதரகமே இந்திய சமூக நல நிதியிலிருந்து உடலை அனுப்பி வைத்தாலும் இதே கதைதான். அங்கே குடும்பம் செலவு செய்யவில்லை, ஆகவே திரும்பக் கேட்க ஒன்றுமில்லை.

வலங்கைமான் வாத்தியார்:

என் மாமா பையனுக்குக் குவைத்தில் முதுகு வலி, டாக்டர் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டார். திரும்பி வந்த டிக்கெட் காசு கிடைக்குமா? அதுவும் இதே படிவமா?

பழைய டிராவல்ஸ்காரர்:

வாத்தியார், இங்கே பேசுவது இறந்தவர் விஷயம். உங்கள் மாமா பையனுக்கும் அதே பாலிசியில் ஒருவழி டிக்கெட் உண்டு, ஆனால் உடல்நிலை காரணமாகத்தான் அனுப்பப்பட்டார் என்று தூதரகம் சான்று கொடுக்க வேண்டும், அசல் டிக்கெட்டும் வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் வந்துவிட்டார் என்றால் கஷ்டம்.

அதிரை அக்கா:

எங்கள் வீட்டில் வேறு மாதிரி. அவர் சவூதியில் தூக்கத்திலேயே போய்விட்டார், மாரடைப்பு என்று சான்று. பத்து லட்சம் விபத்துக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள், சரி, அது புரிகிறது. உடல் வந்த செலவுக்குப் போனால் அதுவும் விபத்துச் சாவுக்குத்தான் என்கிறார்கள். தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்றுக்குப் போனால், ஊரில் பதிந்த இறப்புச் சான்றைக் கொண்டுவா என்றார்கள். ஊராட்சியில் கேட்டால் வெளிநாட்டில் நடந்த சாவை நாங்கள் பதிய முடியாது என்கிறார்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகிறேன்.

முத்துப்பேட்டை தம்பி:

அக்கா, வாரிசுச் சான்று எங்களுக்கும் இதே இடத்தில் நின்றது. ஊராட்சி சொன்னதுதான் சரி, வெளிநாட்டில் இறந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகம்தான் பதியும். தூதரகம் கொடுத்த இறப்புப் பதிவைத்தான் வி.ஏ.ஓ.விடம் காட்டினோம், அவர் பரிந்துரை எழுதிக் கொடுத்தார். உங்களிடம் அது இல்லை என்றால் ஜித்தா துணைத் தூதரகமோ ரியாத் தூதரகமோ, எந்தப் பகுதியில் இறந்தாரோ அங்கே கேளுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். எங்கள் மச்சானுக்கு ஒன்றில் இனிஷியல், ஒன்றில் அப்பா பெயர் முழுசாக. இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கும்வரை ஃபைல் நகரவில்லை.

பழைய டிராவல்ஸ்காரர்:

மாரடைப்பு விஷயத்தில் நான் ஒன்று சொல்கிறேன், மற்றவர்கள் வேறு சொல்லலாம். பாலிசி வாசகத்தில் உடல் கொண்டுவரும் வரி வெறும் 'இறப்பு' என்றுதான் தொடங்குகிறது என்பது என் வாசிப்பு. இன்சூரன்ஸ்காரர்கள் அதை மேலே உள்ள விபத்து வரியோடு சேர்த்துப் படிக்கிறார்கள். தந்ததையும் பார்த்திருக்கிறேன், தராததையும் பார்த்திருக்கிறேன். உங்கள் பாலிசித் தாளையே எடுத்து வாசித்துப் பாருங்கள், நிபந்தனைகள் அச்சாகியிருக்கும். இறந்த நாளில் பாலிசி உயிரோடு இருந்ததா என்பதையும் பாருங்கள், இரண்டு வருடம் முடிந்து புதுப்பிக்காமல் அங்கேயே இருந்தவர்கள் நிறைய. கம்பெனி மாறியிருந்தால் அதனால் மட்டும் பாலிசி போகாது.

மன்னை மைனர்:

அப்போ விசிட் விசாவில் போனவனுக்கு?

பழைய டிராவல்ஸ்காரர்:

குடியேற்ற அனுமதி வாங்காமல் போனவருக்குப் பாலிசியே கிடையாது. ஏஜென்ட் ஏதாவது தாள் கொடுத்திருந்தால் அதிலுள்ள பாலிசி எண்ணை இன்சூரன்ஸ் கம்பெனியில் சொல்லிச் சரிபாருங்கள்.

அதிரை அக்கா:

பாலிசி இருந்தது அண்ணே, மூன்று வருடத்துக்கு 375 கட்டியது, தேதியும் உள்ளேதான். தர முடியாது என்று போனில்தான் சொன்னார்கள், எழுதித் தரவில்லை. இதை எங்கே கொண்டுபோவது?

பழைய டிராவல்ஸ்காரர்:

போனில் சொன்னதை வைத்து எங்கேயும் போக முடியாது அம்மா. 'எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள்' என்று கேட்டு அவர்களின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்து எழுதினாலும் சரி, 30 நாளில் பதிலே வராவிட்டாலும் சரி, சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், ஒரு வருடத்துக்குள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். சரக்கு ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், அது ஸ்பான்சர் பெயரில் இருந்தால் தம்பி செய்த மாதிரி பாக்கிச் சம்பளக் கணக்கைக் கேட்டு வாங்கிவிட்டு எழுதுங்கள்.

அதிரை அக்கா:

ரசீது அவர் ரூமில் இருந்தவர் பெயரில் இருக்கிறது. அவர் இப்போது விடுப்பில் ஒரத்தநாட்டில்தான் இருக்கிறார், நாளைக்கே போய்க் கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.