"முடிப்புக்கூறு" சரிவருமா?

கஞ்சிக்கோடு: எங்க யூனிட்ல வேலைய விட்டுப் போறவங்களுக்குக் குடுக்கற செட்டில்மெண்ட் லெட்டர்ல இருந்து நோட்டீஸ் சம்பளம், கிராஜுவிட்டி, லீவு காசு, என்னிக்குள்ள பட்டுவாடா, பின்னாடி கேஸ் போடமாட்டேன்னு எழுதி வாங்கறது, இதெல்லாம் தனித்தனியா எடுத்து ஒரு ஷீட்ல ஏத்தறோம், ஆளுக்கு ஆள் மாறாம குடுத்திருக்கோமான்னு எச்.ஆர். பாக்கணும்ல. எடுக்கற ஒவ்வொண்ணுக்கும் பொதுவா ஒரு பேரு வேணும். இங்க "கணக்கு முடிச்சாச்சு"ன்னுதான் பேச்சு, அதனால "முடிப்புக்கூறு"ன்னு வெச்சேன்.

கொழிஞ்சாம்பாறை: அக்கா, லெட்டர்ல அடிக்கடி வர்ற சொல்லத்தானே எடுக்கறீங்க? "திறவுச்சொல்" ஏற்கனவே இருக்கே.

கஞ்சிக்கோடு: இல்ல தம்பி, கிராஜுவிட்டிங்கற சொல் எல்லா லெட்டர்லயும் இருக்கும். எவ்வளவு, எப்படி போட்டாங்கங்கறதுதான் வேணும்.

சித்தூர்: "ஷரத்து"ன்னே வெச்சுக்கலாம், பத்திரம் எழுதறவங்க சொல்றதுதான். தொகைய மட்டும் எடுங்க, வித்தியாசம் அதுலயே தெரிஞ்சிரும்.

கோவை: ஷரத்து நல்ல சொல்தான் சார், ஆனா ஒரே ஷரத்துக்குள்ள நாலு விஷயம் கிடக்கும், தொகை மட்டும் எடுத்தா ஏமாந்துருவோம். ரெண்டு பேருக்கும் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 26,000, சர்வீஸ் 7 வருஷம் 8 மாசம்னு வைங்க. சட்டப்படி ஆறு மாசத்துக்கு மேல போனா முழு வருஷம், அப்ப கிராஜுவிட்டி 15/26 × 26,000 × 8 = 1,20,000. இன்னொரு லெட்டர்ல 7னு போட்டு 1,05,000. ரெண்டுலயும் "விதிப்படி"ன்னுதான் எழுதியிருக்கும். நிஜத்துல ஆளுக்கு ஆள் சம்பளம் வேறயா இருக்கும், அப்ப தொகைய பாத்து தப்பு எங்கன்னு சொல்லவே முடியாது. சேந்த தேதி, விலகின தேதி, எத்தனை வருஷம் எடுத்தாங்க, எந்த சம்பளம், இது நாலும் கூறுக்குள்ள வரணும், பக்கத்துலயே லெட்டர்ல இருக்கற வரிய அப்படியே ஒட்டணும். லெட்டர் ஒண்ணுமே சொல்லலன்னா காலியா விடுங்க, பூஜ்யம் போட்டுராதீங்க. லீவு காசு இல்லன்னு எழுதினதும், எழுதவே மறந்ததும் வேற வேற, மறந்ததுலதான் பிரச்சனை வரும். அதனால முடிப்புக்கூறுக்கே என் ஓட்டு.

வேலந்தாவளம்: என் கதையும் இதுதாங்க, எனக்கு ஒரு மாச நோட்டீஸ் சம்பளம் பேசிக் மட்டும், கூட வெளிய வந்த அண்ணனுக்கு மொத்த சம்பளமும். லெட்டர்ல ரெண்டு பேருக்கும் "ஒரு மாத சம்பளம்"னே இருந்துச்சு. நான் இப்ப போய் கேக்க முடியுமா?

கோவை: முதல்ல அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல நோட்டீஸ் பத்தி என்ன போட்டிருக்குன்னு பாருங்க, அதையும் ரெண்டு லெட்டரையும் எடுத்துட்டுப் போய் லேபர் ஆபீஸ்ல காட்டுங்க. அக்கா, இவர் சொன்னதுக்கும் ஷீட்ல தனியா ஒரு தலைப்பு வேணும், எந்த சம்பளத்து மேல கணக்குங்கறது. "அடிப்படை"ன்னு வெச்சா பேசிக்கோட குழம்பும்.

கஞ்சிக்கோடு: "கணக்குத்தளம்"?

கொழிஞ்சாம்பாறை: தளம்னா வெப்சைட்டுன்னு நெனப்பாங்கக்கா.

சித்தூர்: "கணக்கடி"ன்னு போடலாமா?

கஞ்சிக்கோடு: யோசிக்கறேன் சார். அதுவரைக்கும் ஷீட்ல "எதுமேல"ன்னே தலைப்பு வெச்சிருக்கேன், டைப் பண்றவங்களுக்கு அது உடனே புரியுது.